கீழ்ப் பல்செட்

என் மனைவி தும்மினால் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொள்வாள். சிரித்தால் முந்தானை. கொட்டாவி வந்தால் எழுந்து பின்பக்கம் போய்விடுவாள். பார்க்கிறவர்கள் எல்லாரும் அடக்கமான பொம்பளை என்றார்கள். அடக்கமாவது மண்ணாவது. என்னிடம் வாய்க்கு வாய் பேசுகிறவள். விஷயம் என்னவென்றால் அவள் வாயில் இருந்தது முழுக்கப் பொய்ப்பல். மேலே ஒரு செட்டு, கீழே ஒரு செட்டு. எனக்கும் பல் டாக்டருக்கும் தவிர அது யாருக்கும் தெரியாது. பெற்ற மகனுக்கே தெரியாது.

சர்க்கரையும் ஈறு நோயும் சேர்ந்து அவள் பல்லையெல்லாம் ஆட்டிவைத்த காலத்தில் மகன் ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்டிருந்தான். ஒவ்வொன்றாகப் பிடுங்கி, கடைசியில் மிச்சத்தையும் எடுத்து, செட்டு கட்டி முடிகிற வரைக்கும் அவள் வாசலுக்கே வரவில்லை. தன் அக்காவுக்கும் சொல்லக் கூடாது, பங்குச் சாமியாருக்கும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். எனக்குத் தெரியுமே தவிர, நானும் பல்லில்லாத அவள் முகத்தைப் பார்த்ததில்லை. விளக்கை அணைத்த பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக் கழற்றுவாள். நான் எழுவதற்கு முன்னால் மாட்டிவிடுவாள். நான் கம்பெனி பஸ் ஓட்டினவன், முதல் ஷிப்டுக்கு ஆள் ஏற்ற விடிவதற்கு முன்பே எழுகிற ஆள். அதற்கும் முன்னால் அவள் எழுந்து, பல்லோடு, காபியோடு நிற்பாள். இத்தனை வருஷமும் அப்படித்தான்.

மேல் செட்டு ஒரு தொந்தரவும் தரவில்லை. அது அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். கீழ்ச் செட்டுதான் சனியன். வருஷம் போகப் போக ஈறு தேய்ந்து மட்டமாகிவிட்டது. நாக்கு அசைந்தால் செட்டு எழும்பும். அவள் அதை நாக்கால் அழுத்திப் பிடித்துக்கொண்டே பேசப் பழகிக்கொண்டாள். ஒட்டுகிற பசை ஒன்று மருந்துக்கடையில் வாங்கிக் கொடுத்தேன், சூடான காபி குடித்தால் அதுவும் போச்சு. கல்யாண வீட்டில் பந்தியில் உட்காரமாட்டாள். மகன் ஊருக்கு வந்தால் அவனுக்குப் பரிமாறிவிட்டு, எங்களோடு உட்காராமல் பிறகு தனியாகக் குழைத்துத் தின்பாள். "அம்மா ஏன்ப்பா நம்மகூட சாப்ட மாட்டேங்குது?" என்று அவன் கேட்டபோது, விரதம் என்று ஒரு பொய்யைச் சொன்னேன். என்ன விரதம், எந்த விரதம், யாருக்குத் தெரியும்.

எங்கள் மாதா கோவிலில் பைபிள் வாசகம் வாசிக்கிறவள் அவள். வல்லம் வடகால் பக்கம் கம்பெனிகள் வந்து, புதிதாகக் குடும்பங்கள் வந்து, கோவில் நிரம்பி வழிந்த பிறகும் அவள் வாசித்தால்தான் வயசானவர்களுக்குத் திருப்தி. நிறுத்தி, ஒவ்வொரு எழுத்தையும் தெளிவாகச் சொல்வாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாதி வாசகத்தில் நின்றுவிட்டாள். ஒரு கையால் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் முந்தானையை எடுத்து இருமுகிறவளாக நடித்தாள். பக்கத்தில் இருந்த சிஸ்டர் வந்து மிச்சத்தை வாசித்தார். எல்லாரும் இருமல் என்றே நினைத்தார்கள். எனக்குத் தெரிந்துவிட்டது. செட்டு எழும்பி உதடு வரைக்கும் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். "இனிமே கோயிலுக்கே வர மாட்டேன். நீங்க போய்க்கினு வாங்க," என்றாள்.

"எதுக்கு இப்ப அழுவுற? ஒருத்தரும் பாக்கல."

"நீங்க பாத்தீங்கல்ல?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் பார்த்தால் என்ன, நான் யார், தெருவில் போகிறவனா என்று கத்தினேன். மறுநாள் அவளை இழுத்துக்கொண்டு ஒரகடம் கூட்டுரோட்டுக்குப் பக்கத்தில் இருந்த பல் டாக்டரிடம் போனேன். நடுத்தர வயசுப் பெண். கட்டுப்பல் வைப்பதற்கென்றே தனியாகப் படித்தவர் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

டாக்டரம்மா வாயைப் பார்ப்பதற்கு முன்னால் என்னை வெளியே போகச் சொன்னார். அதற்காகவே என் மனைவிக்கு அவரைப் பிடித்துவிட்டது. பிறகு ஸ்கேன் எடுத்துவரச் சொல்லி, படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துக் காட்டினார். தாடையின் பின்பக்கம் எலும்பு கரைந்து மெல்லிய வரப்பாகக் கிடந்தது. முன்பக்கம் கொஞ்சம் உயரம் மிச்சமிருந்தது.

"புதுசா செட்டு கட்டினாலும் கீழ நிக்காதும்மா. பிடிக்கறதுக்கு மேடே இல்ல," என்றார். "முன்னாடி, கோரைப்பல் இருந்த இடத்துல, இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு, எலும்புக்குள்ள டைட்டானியம் ஸ்க்ரூ வைக்கலாம். அது மேல பட்டன் மாதிரி ஒரு குமிழ். செட்டுக்கு அடியில அதுக்குப் பொருத்தமா ஒரு கிண்ணி. ஜாக்கெட்ல டிச் பட்டன் போடற மாதிரிதான். அழுத்தினா மாட்டும், தூக்கினா வரும்."

"ரெண்டு போதுமா?" என்று நான் கேட்டேன். வண்டிக்காரன் புத்தி. நாலு சக்கரம் இருந்தால்தான் எனக்கு நம்பிக்கை.

"நாலு வெச்சு, மேல ஒரு கம்பி போட்டு, அதுல செட்ட மாட்டற முறையும் இருக்கு. பிடி நல்லா இருக்கும். ஆனா கம்பிக்கு அடியில தினமும் சுத்தம் பண்ணணும், அது கஷ்டம். செட்டுக்குள்ள கம்பிக்கு இடமும் வேணும். நடுவுல ஒண்ணே ஒண்ணு வெச்சும் செய்யறாங்க, ஆனா செட்டு கொஞ்சம் திரும்பும். இவங்களுக்கு ரெண்டு சரியா இருக்கும். முன்னாடி பட்டன் பிடிச்சுக்கும், பின்னாடி ஈறு மேல உட்காரும். கடிக்கும்போது பின்னாடி லேசா அசையும். வாயை விட்டு எழும்பாது."

எழும்பாது என்ற சொல்லைக் கேட்டதும் என் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு டாக்டரம்மா கேட்டது எனக்கு விசித்திரமாக இருந்தது. "கையைக் காட்டுங்கம்மா," என்றார்.

பல்லுக்கு வந்த இடத்தில் கை எதற்கு. என் மனைவி காட்டினாள். அவளுக்குக் கை மூட்டுகளில் வாதம். காலையில் விரல்கள் வீங்கி மடங்காமல் இருக்கும், பத்துமணிக்கு மேல் கொஞ்சம் இளகும், ராத்திரி மறுபடி இறுகிவிடும். நாங்கள் போனது சாயங்காலம். விரல்களை மடக்கி நீட்டி, டாக்டரம்மாவின் கட்டைவிரலைப் பிடித்து அழுத்தியும் காட்டினாள். "காலையில எப்படி இருக்கும்?" என்று அவர் கேட்டதற்கு, "இப்டியேதான் இருக்கும் டாக்டரம்மா," என்றாள். நான் வாயைத் திறந்தேன். மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

"பட்டன்லயே பல வகை இருக்கு," என்று அவர் விளக்கினார். "உருண்டைக் குமிழ் இருக்கு, அது கொஞ்சம் உயரம். இது தட்டையா, குள்ளமா இருக்கறது, இதுக்கு இடம் கம்மியா போதும். காந்தம் வெச்சதும் இருக்கு. காந்தம்னா கைக்கு பலமே வேண்டாம், வைக்கறதும் எடுக்கறதும் சுலபம். ஆனா பிடி கம்மி."

"காந்தம்னா வாசிக்கறப்போ எழும்புமா?" இது என் மனைவி.

"சில பேருக்கு லேசா நகரும்."

"அப்போ வேணாம். பட்டனே வைங்க."

செலவைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகுதான் கை வைப்பேன் என்று டாக்டரம்மா பிடிவாதமாக நின்றார். அதற்காக அவள் சோற்றை விட்டாள், சாயங்காலம் தெருவில் நடந்தாள், இனிப்பைக் கண்ணாலும் பார்க்கவில்லை. பிள்ளை பெற்றபோதுகூட அவள் அப்படி ஒரு சொல் கேட்டு நடந்ததில்லை. ஒருநாள் காலையில் மரக்க ஊசி போட்டு இரண்டு ஸ்க்ரூவையும் வைத்தார்கள். காயம் ஆறுகிற வரைக்கும் கீழ்ச் செட்டைப் போடக் கூடாது. அந்த நாள்கள் முழுக்க வீட்டுக்குள் மாஸ்க் போட்டுக்கொண்டு திரிந்தாள். மாடி அறைகளில் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்கள் வாடகைக்கு இருந்தார்கள், வல்லத்தில் கம்பெனி வேலை. அதில் ஒருவன் தண்ணீர் மோட்டார் போடச் சொல்ல வந்து, "ஆச்சிக்கு சளியா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். பொய் சொல்லிச் சொல்லி எனக்கும் நன்றாகப் பழகிவிட்டது.

பிறகு பழைய செட்டின் அடிப்பக்கத்தைக் குடைந்து, ஸ்க்ரூவின் மேல் பாரம் விழாதபடி மெத்தென்று ஏதோ பூசிக் கொடுத்தார். எலும்பு ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ள மூன்று மாதம் ஆகும் என்றார். ஆனது. அப்புறம் குமிழ்களை மாட்டி, செட்டுக்குள் கிண்ணிகளை வைத்து ஒட்டினார். கிண்ணிக்குள் சின்ன நைலான் வளையம் இருக்கும், அதுதான் குமிழைக் கவ்வும். நீலம் போட்டால் பிடி இளகல், இளஞ்சிவப்பு நடுத்தரம், நிறமில்லாதது கெட்டி. முதலில் நீலம்தான் போட்டார். என் மனைவி நாக்கால் தள்ளிப் பார்த்துவிட்டு, "இன்னும் கெட்டியா போடுங்க," என்றாள்.

"கழட்ட முடியணும்மா. ராத்திரி கண்டிப்பா கழட்டணும்."

"அதெல்லாம் கழட்டுவேன்."

சாயங்கால நேரம், விரல் இளகியிருந்தது. இளஞ்சிவப்பைப் போட்டு, அவர் கண் முன்னாலேயே இரண்டு முறை கழற்றி மாட்டிக் காட்டினாள். கட்டைவிரலால் அழுத்தித்தான் மாட்டணும், வாயில் வைத்துக் கடித்து மாட்டக் கூடாது, கடித்தால் நைலான் கோணலாகத் தேயும் என்று டாக்டரம்மா திருப்பித் திருப்பிச் சொன்னார். இவள் எல்லாவற்றுக்கும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வாசித்தாள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். சகரம் எல்லாம் சுத்தமாக விழுந்தது. வீட்டுக்கு வரும் வழியில் கடையில் முறுக்கு வாங்கித் தரச் சொன்னாள். நெத்திலி வறுத்து, மகன் வந்திருந்தபோது எங்களோடு உட்கார்ந்து மொறுமொறு என்று தின்றாள். அவன் அம்மாவைப் பார்த்துவிட்டு, "விரதம் முடிஞ்சுதா?" என்று கேட்டான். நான் சிரித்துப் புரையேறிப் போனேன். எங்கள் வீட்டில் அந்த மாதிரி ஒரு சாப்பாடு நடந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

கொஞ்சநாளில் ஒரு மாற்றம் தெரிந்தது. விளக்கை அணைத்த பிறகு அவள் சுவர்ப்பக்கம் திரும்புவதில்லை. செட்டைக் கழற்றிக் கிண்ணத்துத் தண்ணீரில் போடும் சத்தமும் கேட்கவில்லை. கெட்டியாக இருப்பதால் தைரியம் வந்துவிட்டது என்று நினைத்து எனக்குச் சந்தோஷம்தான். பிறகு அவள் வாயில் ஒரு நாற்றம். தலையணையில் ஒரு சொட்டு ரத்தம். கேட்டால், "வெத்தல போட்டேன்," என்பாள். வெற்றிலையும் போடவில்லை ஒன்றும் போடவில்லை. மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மா உள்ளே பார்த்துவிட்டு, வெளியே வந்து என்னைக் கூப்பிட்டார். எப்போதும் மெதுவாகப் பேசுகிறவர், அன்றைக்குக் குரல் உயர்ந்தது.

"ஐயா, இவங்க செட்ட எப்போ கடைசியா கழட்டினாங்க?"

எனக்குத் தெரியவில்லை. நாற்காலியில் சாய்ந்திருந்த அவள், துண்டால் வாயை மூடிக்கொண்டு கண்களை மூடியிருந்தாள். அவளாகவேதான் சொன்னாள். சில வாரமாக ராத்திரியில் கழற்றவே இல்லை. இரவில் விரல் பிடிக்கவில்லை. நகம் வைத்து நெம்பிப் பார்த்திருக்கிறாள், கரண்டிக் காம்பு வைத்தும் பார்த்திருக்கிறாள். எப்போதாவது பகலில் கழன்றால், அழுத்தி மாட்ட விரலில் தெம்பில்லாமல் கடித்து மாட்டியிருக்கிறாள். ஒரு பக்கத்து நைலான் பிய்ந்துவிட்டது. குமிழைச் சுற்றி ஈறு வீங்கி, தொட்டால் ரத்தம் வந்தது. இப்படியே விட்டால் எலும்பு அரித்து ஸ்க்ரூ கழன்றுவிடும் என்றார் டாக்டரம்மா.

பழைய செட்டு ஆடின காலத்தில், ஆடினதாலேயே, ஒற்றை விரலால் அதைக் கழற்ற முடிந்தது. யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தாள். நன்றாக நிற்கிற பல் வந்ததும் அது முடியாமல் போய்விட்டது. எனக்கு அவள்மேல் கோபம் வந்தது, உடனே அழுகையும் வந்தது. கிளினிக்கில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினேன்.

நைலானை மாற்றி நீலம் போட்டார். கட்டைவிரலைக் கொடுத்துத் தூக்க வசதியாகச் செட்டின் இரண்டு ஓரத்திலும் சின்னப் பள்ளம் செதுக்கினார். அப்படியும் காலையிலும் இரவிலும் அவளால் முடியவில்லை. காந்தத்துக்கு மாறலாம் என்றார். அவள் ஒரே பிடியாக மறுத்துவிட்டாள். வாசகத்தை விடமாட்டாளாம். "அப்போ வீட்ல யாராவது கழட்டி விடணும்," என்று சொல்லி டாக்டரம்மா என்னைப் பார்த்தார். என் மனைவி என்னைப் பார்க்கவில்லை.

ஒரு பிளாஸ்டிக் தாடையில் குமிழ் வைத்து எனக்குச் சொல்லித்தந்தார். இரண்டு கட்டைவிரலையும் ஓரத்துப் பள்ளத்தில் கொடுத்து, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நேராகத் தூக்க வேண்டும். ஒரு பக்கமாக நெம்பினால் வலிக்கும், நைலானும் பாழ். மாட்டும்போது விரல்களைத் தாடைக்கு அடியில் தாங்கலாக வைத்து, கட்டைவிரலால் குமிழ் இருக்கிற இடத்தின்மேல் அழுத்த வேண்டும். கியர் பிடித்த கை என்பதால் எனக்குச் சீக்கிரம் வந்துவிட்டது.

கை வந்து என்ன, அவள் வாயைத் திறக்க வேண்டுமே. இரண்டு மூன்று நாள் முரண்டு பிடித்தாள். நான் கெஞ்சினேன், திட்டினேன், சாப்பிடமாட்டேன் என்றேன். கடைசியில், "லைட்ட நிறுத்துங்க," என்றாள்.

நிறுத்தினேன். ஜன்னலையும் சாத்தச் சொன்னாள். ரோட்டில் போகிற கன்டெய்னர் லாரி வெளிச்சம் உள்ளே வருமாம். கும்மிருட்டில் தடவி, அவள் முகத்தைக் கண்டுபிடித்தேன். கன்னம் நனைந்திருந்தது. கட்டைவிரலைக் கொடுத்துத் தூக்கினேன். வந்துவிட்டது. உடனே அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள், அந்த இருட்டிலும்.

அதிலிருந்து தினமும் அதுதான் வழக்கம். நான் செட்டை எடுத்துப்போய்ப் பிரஷ் போட்டுக் கழுவித் தண்ணீரில் போடுவேன். குமிழ்களை அவளே தேய்த்துக்கொள்வாள். அவள் விரலுக்குப் பிடிப்பாக இருக்க, பிரஷ் காம்பில் சைக்கிள் ஹேண்டில் உறையை மாட்டிக் கொடுத்திருந்தேன். காலையில் வெளிச்சம் வருவதற்கு முன்னால் நானே மாட்டிவிடுவேன். ஈறு ஆறியது. வாசகம் நிற்கவில்லை. பல்லைக் கழற்றினபிறகு அவள் பேச்சு குழறும், குழந்தை மாதிரி இருக்கும். முதலில் கழற்றினதும் பேசவே மாட்டாள். போகப்போக இருட்டில் பேச ஆரம்பித்தாள். பகலில் பேசாததெல்லாம் பேசினாள்.

ஒருநாள் கேட்டேன். "என்கிட்ட இன்னா வெக்கம் ஒனக்கு? இத்தினி வருசம் கயிச்சு?"

சுவர்ப்பக்கம் புரண்டு படுத்தாள். பிறகு சொன்னாள். "பொண்ணு பாக்க வந்துட்டுப் போனப்பறம், பொண்ணு கறுப்புதான், ஆனா பல்லு வரிசை அழகா கீதுன்னு சொன்னீங்களாம். ஒங்கம்மா சொன்னாங்க. அது ஒண்ணுதான் நீங்க என்னப் பத்தி சொன்னது."

நான் அப்படிச் சொன்னேனா என்று எனக்கு இப்போதும் ஞாபகமில்லை. சொல்லியிருப்பேன். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போகிற ஆள்தானே நான். அவள் அதை வைத்துக்கொண்டு ஒரு ஆயுள் முழுக்க வாயைப் பொத்தியிருக்கிறாள். இருட்டில் அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டேன். வீங்கின விரல், அழுத்தினால் வலிக்கும், அதனால் சும்மா தொட்டுக்கொண்டிருந்தேன். சமையல் நல்லா கீது, வாசகம் நல்லா கீது, எல்லாமே நல்லா கீது என்று வரிசையாகச் சொன்னேன். "போதும், தூங்குங்க," என்றாள்.

ஒரு மத்தியானம் சமையலறையில் பாத்திரம் விழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் கீழே கிடக்கிறாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. நைட் ஷிப்ட் முடித்து மேலே தூங்கிக்கொண்டிருந்த பையன்கள் இறங்கி வந்தார்கள். "அய்யா, நீங்க வெலகுங்க, நாங்க தூக்குதோம்," என்று ஒருவன் என்னை நகர்த்தினான். ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் இருந்த ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூளைக்குள் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மூச்சுக்குக் குழாய் போட வேண்டும், உடனே.

"வாய்ல பல்செட் இருக்கா?" என்று நர்ஸ் கேட்டது. சின்னப் பெண், தெற்கத்திப் பேச்சு. அந்த நிலைமையிலும், பையன்கள் பக்கத்தில் நிற்கிறார்களே என்று பார்க்கிறேன், என்ன ஜென்மம் நான். அந்தப் பெண்ணே மேல் செட்டை எடுத்துவிட்டது. கீழ்ச் செட்டை இழுத்தது, வரவில்லை. "இது நெசப் பல்லா அய்யா?" என்றது.

"திரைய இழுத்து வுடும்மா. நான் எடுக்கறேன்," என்றேன்.

ஆஸ்பத்திரி விளக்கு, பட்டப்பகல் வெளிச்சம். கட்டைவிரலைக் கொடுத்துத் தூக்கினேன். பல்லில்லாத அவள் முகத்தை முதல்முறையாகப் பார்த்தேன். உதடு உள்ளே போய், கன்னம் ஒடுங்கி, ரொம்ப வயசான யாரோ ஒருத்தி. அவள் கை எழுந்து வாயைப் பொத்தும் என்று நான் எதிர்பார்த்தேன். எழவில்லை. நானே என் கையை வைத்து மூடினேன். நர்ஸ் என் கையை மெதுவாக எடுத்துவிட்டது.

சில நாள் அப்படியே கிடந்தாள். மகன் வந்தான். குழாயும் பிளாஸ்திரியும் வாயை மூடியிருந்ததால் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு செட்டும் ஒரு டப்பாவில் தண்ணீரோடு என் பையில் இருந்தன. தினமும் ஆஸ்பத்திரிக் குழாயடியில் தண்ணீர் மாற்றினேன். காய்ந்தால் செட்டு கோணிவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கோணினால் அவள் எழுந்து வந்ததும் பொருந்தாதே. அப்படித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு காலையில் போய்விட்டாள்.

மகன் அழுதுகொண்டே ஆஸ்பத்திரி ஆபீசுக்குக் கையெழுத்துப் போடப் போனான். நர்ஸ் குழாயை எடுத்துவிட்டு, தாடையைக் கட்டத் துணிப்பட்டையோடு வந்தது. நான் டப்பாவை எடுத்துக் காட்டினேன். அந்தப் பெண் என்னைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே திரையை இழுத்துவிட்டது. "சீக்கிரம் போட்ருங்க அய்யா. நேரமானா தாடை வெறச்சிரும்."

மேல் செட்டை நனைத்து வைத்தேன். வாய் காய்ந்திருந்தது, ஒட்டவில்லை, நழுவியது. நர்ஸ் விரலால் பிடித்துக்கொண்டது. கீழ்ச் செட்டை வைத்தேன். தாடைக்கு அடியில் விரல்களைக் கொடுத்து, கட்டைவிரலால் அழுத்தினேன். இடது பக்கம் உட்கார்ந்தது. வலது பக்கமும் உட்கார்ந்தது. கன்னம் எழுந்து வந்தது. அவள் வந்துவிட்டாள், என் மனைவி. நர்ஸ் தாடையைச் சேர்த்துக் கட்டியது.

வீட்டு வாசலில் ஷாமியானா போட்டு, கண்ணாடிப் பெட்டியில் வைத்தோம். வெள்ளைப் புடவை, கையில் ஜெபமாலை. கோவில் ஜெபக் குழுவான அன்பியத்துக்காரர்கள் வந்து ஜெபம் சொன்னார்கள். அரக்கோணத்திலிருந்து அவள் அக்கா வந்தாள். பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுது ஓய்ந்து, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு முன்பல் நாலைந்து இல்லை.

"கன்னம் ஒடுங்கல பாருங்க," என்றாள். "எங்க வூட்ல எல்லாருக்கும் பல்லு சீக்கிரமே பூடும். இவளுக்கு மட்டும் ஒண்ணுகூட கொட்டல. குடுத்து வெச்சவ."

"ஆமாங்க்கா," என்றேன்.

ராத்திரி அவளிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். விளக்கை அணைத்துவிட்டு, உங்க அக்கா இன்னா சொன்னாங்க தெரியுமா என்று ஆரம்பித்தால், அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். நினைத்தபிறகுதான் எதிரே பெட்டியைப் பார்த்தேன். அக்கா என் தோளில் கை வைத்து, அழுவாதீங்க என்றாள். எதற்கு அழுகிறேன் என்று அவளிடம் சொல்ல முடியாது.